படத்தை நம்பாதீர், கேள்வி கேளுங்கள்!

(தோட்டக் கிளைக் கூட்டத்தில் ஆற்றப்பட்ட உரை)



இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள் சம்பள உயர்வு அல்ல. வாங்கிய சம்பளம் நம் கையை விட்டு எப்படிக் களவு போகிறது என்பதைப் பற்றியே பேசப்போகிறேன். இந்தக் களவில் திருடன் கதவை உடைப்பதில்லை. நம் சொந்தக்காரனுடைய முகத்தைப் போட்டுக்கொண்டு, நம் கைப்பேசிக்குள்ளேயே வந்து உட்கார்ந்து, நம் கையாலேயே பணத்தை எடுத்துக் கொடுக்கச் செய்கிறான். வாட்ஸ்அப்பில் வரும் இந்த மோசடி எப்படி நடக்கிறது, எந்தக் கேள்வியைக் கேட்டால் அவன் சாயம் வெளுக்கும் என்பதை மட்டும் இன்று பார்ப்போம்.

முதலில் படத்தைப் பற்றி ஒரு வார்த்தை. வாட்ஸ்அப்பில் ஒருவருடைய பெயருக்குப் பக்கத்தில் வட்டமாக ஒரு படம் தெரிகிறதே, அந்தப் படத்தை வைப்பது யார்? அந்த நம்பரை வைத்திருப்பவரே வைக்கிறார். அது அவருடைய முகம்தானா என்று எவரும் சோதிப்பதில்லை. அடையாளக் கார்டில் உள்ள படத்துக்கு அரசாங்கம் பொறுப்பு. இந்த வட்டப் படத்துக்கு எவருமே பொறுப்பில்லை. உங்கள் மருமகனின் படத்தை நான் எடுத்து என் நம்பரில் வைக்க ஒரு நிமிடம் கூட ஆகாது. பெயரும் அப்படித்தான். நம் போனில் நாம் பதிந்து வைக்காத நம்பரிலிருந்து செய்தி வந்தால், அங்கே தெரிவது நம்பரும், அனுப்புகிறவன் தனக்குத் தானே எழுதிக்கொண்ட பெயரும்தான்.

படம் எங்கே கிடைக்கிறது என்று கேட்பீர்கள். திருமணம், பிறந்த நாள், தைப்பூசம் என்று நாம் பேஸ்புக்கில் போடும் படங்கள் போதும். படத்தைவிட அதன் கீழே நாம் எழுதுவதுதான் அவனுக்கு அதிக லாபம். "வாழ்த்துகள் மருமகனே, அத்தையின் ஆசீர்வாதம்" என்று ஓர் அம்மாள் எழுதினால், யாருக்கு யார் என்ன முறை என்பது ஊருக்கே தெரிந்துவிடுகிறது. நம் நம்பர் கிடைப்பதும் கடினம் இல்லை. முன்பின் அறியாதவர்கள் நிறைந்த ஒரு வாட்ஸ்அப் குழுவில் நாம் இருந்தால், அங்குள்ள எல்லோருக்கும் நம் நம்பர் தெரியும்.

இனி இது எப்படி நடக்கிறது என்று பார்ப்போம். பல வீடுகளில் நடப்பதை ஒன்றாகச் சேர்த்து ஓர் எடுத்துக்காட்டாகச் சொல்கிறேன். பால் வெட்டும் ஓர் அம்மாள். அவருடைய அண்ணன் மகன் ஜொகூரில் வேலை செய்கிறான். ஒரு நாள் பகல், வெட்டு முடிந்து, பால் எடுத்து ஸ்டோரில் நிறுத்துவிட்டு வீட்டுக்கு வந்து போனைப் பார்க்கிறார். புது நம்பரிலிருந்து ஒரு செய்தி. படத்தில் அண்ணன் மகன் சிரித்துக்கொண்டு நிற்கிறான்.

"வணக்கம். இது என் புது நம்பர். பழைய போன் தண்ணீரில் விழுந்துவிட்டது. பழைய நம்பரை அழித்துவிட்டு இதைப் பதிந்துகொள்ளுங்கள்."

அம்மாள் பதில் எழுதுகிறார்: "யாரு, ஜொகூர் தம்பியா?"

"ஆமாம். எப்படி இருக்கீங்க?"

"இருக்கேன்ப்பா. ரொம்ப நாளா அத்தையை மறந்துட்டியே!"

"மறக்கவில்லை அத்தை. வேலை அதிகம்."

இங்கே சற்று நிறுத்திக் கவனியுங்கள் தோழர்களே. இந்த நான்கு வரிகளில் திருடன் சொன்னது என்ன? ஒன்றுமே இல்லை. தன் பெயரைச் சொல்லவில்லை, ஊரைச் சொல்லவில்லை, முறையும் சொல்லவில்லை. ஜொகூர் என்பதைச் சொன்னவர் அம்மாள். தம்பி என்று அழைத்தவர் அம்மாள். அத்தை என்ற முறையை எடுத்துக் கொடுத்தவரும் அம்மாள்தான். அவர் கொடுத்ததையே அவன் திருப்பிக் கொடுத்தான். "அத்தை" என்று அவன் எழுதியதும் அம்மாளுக்கு இருந்த கொஞ்ச சந்தேகமும் தீர்ந்துவிட்டது.

இன்னொன்றையும் பாருங்கள். பழைய நம்பரை அழித்துவிடச் சொன்னான் அல்லவா? இந்தத் திருட்டின் முக்கியமான வேலையே அதுதான். பழைய நம்பர் இருந்தால் அதில் கூப்பிட்டு ஒரு வார்த்தை கேட்டுவிடலாம். அதை அழித்துவிட்டால் விசாரிக்கும் வழி அடைபட்டுப் போகும். புது நம்பரை அம்மாள் "ஜொகூர் தம்பி" என்று பதிந்துகொள்கிறார். அன்று முதல் அந்தத் திருடன் செய்தி அனுப்பும்போதெல்லாம் போனே "ஜொகூர் தம்பி" என்று காட்டுகிறது. திருடனுக்கு மருமகன் பட்டம் சூட்டியது நம் கைதான்.

அவன் உடனே பணம் கேட்பதில்லை. மறுநாள் சாப்பிட்டீர்களா, உடம்பு எப்படி என்று விசாரிக்கிறான். மூன்றாம் நாள் சாயங்காலம் செய்தி வருகிறது: "அத்தை, கார் பட்டறையில் நிற்கிறது. என் பேங்கு ஆப் திறக்கவில்லை. 1,800 வெள்ளி அவசரமாக வேண்டும். நாளைக் காலையில் திருப்பி அனுப்பிவிடுகிறேன். அப்பாவிடம் சொல்லாதீர்கள், திட்டுவார்." கூடவே ஒரு கணக்கு நம்பர். அம்மாள் அந்த நம்பரை அழுத்தியதும், பணம் போகும் முன்பே கணக்குக்காரரின் பெயர் திரையில் வருகிறது. அது முன்பின் அறியாத ஒருவர் பெயர். கேட்டால், "அது பட்டறைக்காரர் பெயர்" என்கிறான். பணம் போகிறது. மறுநாள் இன்னும் 1,200 வெள்ளி கேட்கிறான். ஞாயிற்றுக்கிழமை உண்மையான மருமகன் தன் பழைய நம்பரிலிருந்து, அந்த நம்பர் எந்நாளும் மாறவே இல்லை, சாதாரணமாகக் கூப்பிடுகிறான். அப்போதுதான் குட்டு வெளிப்படுகிறது.

அந்த அம்மாள் கேள்வி கேட்காமல் இல்லை. "யாரு, ஜொகூர் தம்பியா?" என்று கேட்டார். ஆனால் கேள்விக்குள்ளேயே விடை இருந்தது. ஆமாம் என்று சொல்ல எந்தத் திருடனாலும் முடியும். ஆகவே கேள்வி கேட்டால் மட்டும் போதாது, கேட்கும் முறை தெரிய வேண்டும்.

ஸ்டோரில் பால் நிறுக்கும் கிராணியை நினைத்துப் பாருங்கள். வாளியில் இருப்பது வெள்ளையாக இருக்கிறது என்பதற்காக அவர் கணக்கு எழுதிவிடுவதில்லை. தண்ணீர் கலந்த பாலும் வெள்ளைதான். மிதவைக் கருவியை விட்டுப் பார்த்த பிறகே எழுதுகிறார். நமக்குக் கேள்விதான் அந்தக் கருவி.

முதலாவது, நாம் எதையும் எடுத்துக் கொடுக்கக் கூடாது. "புது நம்பர்" என்று யார் எழுதினாலும் பெயர் சொல்லிக் கேட்காதீர்கள். ஊரும் சொல்லாதீர்கள், முறையும் சொல்லாதீர்கள். "யார் பேசுவது?" என்று மட்டும் எழுதுங்கள். "என்னைத் தெரியவில்லையா? யார் என்று நீங்களே சொல்லுங்கள் பார்ப்போம்" என்று அவன் விளையாட்டாகக் கேட்பான். போனிலே கூப்பிட்டுப் பேசும் மோசக்காரனும் இதையேதான் கேட்பான். நம் வாயிலிருந்து ஒரு பெயரைப் பிடுங்குவதற்கான தூண்டில் அது. "தெரியவில்லை, நீயே சொல்" என்பதே சரியான பதில்.

பெயரைச் சொல்லிவிட்டான் என்று வைத்துக்கொள்வோம். அடுத்து, "நீ என்னை எப்படிக் கூப்பிடுவாய்?" என்று கேளுங்கள். நம் தமிழ்க் குடும்பங்களுக்கு இது நல்ல பாதுகாப்பு. ஆங்கிலத்தில் எல்லோருக்கும் ஆன்டி, அங்கிள்தான். நம்மிடமோ அத்தை வேறு, சின்னம்மா வேறு, பெரியம்மா வேறு, மாமி வேறு. அதற்கு மேல் ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு செல்லப் பெயர் இருக்கிறது. பிள்ளைகள் ஒருத்தியை "கடைசி வீட்டு அத்தை" என்பார்கள், இன்னொருத்தியை "வெற்றிலை அத்தை" என்பார்கள். இந்தப் பெயர் படத்தின் கீழே எழுதியிருக்காது. ஆனால் வெறும் "அத்தை" என்று வந்தால் அதை முழுச் சாட்சியாக எடுத்துக்கொள்ள வேண்டாம். பேஸ்புக்கில் பார்த்தவனுக்கும் அது தெரியும்.

இரண்டாவது, ஊரறிந்ததைக் கேட்பதில் பயன் இல்லை. பிறந்த நாள், அப்பா பெயர், படித்த பள்ளி, மனைவி பெயர், குழந்தை பெயர் இவையெல்லாம் பேஸ்புக்கில் கிடைக்கும் சரக்கு. யாரும் படம் எடுக்காத, யாரும் எழுதி வைக்காத வீட்டுச் சங்கதியைக் கேட்க வேண்டும். "நீ கடைசியாக இங்கே வந்தபோது எங்கே படுத்துத் தூங்கினாய்?" "போகும்போது உன் பையில் நான் என்ன வைத்து அனுப்பினேன்?" "சின்ன வயதில் எங்கே விழுந்து உனக்குத் தழும்பு ஆயிற்று?" இப்படிக் கேட்கலாம். ஆமாம் அல்லது இல்லை என்ற பதிலில் முடியும் கேள்வி வேண்டாம். இரண்டே பதில் இருந்தால் குருட்டாம்போக்கில் அடித்தாலும் பாதி தடவை சரியாகிவிடும்.

மூன்றாவது கேள்விதான் மிகவும் கூர்மையானது. நடக்காத ஒன்றை நடந்ததைப் போலச் சொல்லிக் கேட்பது. ஜொகூர் மருமகனுக்குத் தங்கையே கிடையாது என்றால், "தங்கச்சி பரீட்சை எப்படி எழுதினாளாம்?" என்று கேளுங்கள். உண்மையான மருமகன், "என்ன அத்தை, எந்தத் தங்கச்சி?" என்று திகைப்பான், அல்லது சிரிப்பான். திருடனுக்கு அந்தத் திகைப்பு வராது. குடும்பத்தில் என்ன உண்டு, என்ன இல்லை என்பது அவனுக்குத் தெரியாது. நாம் சொல்வதை ஒப்புக்கொண்டு போவதே அவன் தொழில். ஆகையால், "நன்றாக எழுதினாள் அத்தை" என்பான். அத்துடன் அவன் கதை முடிந்தது. ஆனால் சாவு, விபத்து என்று பயமுறுத்தும் பொய்யைச் சொல்லாதீர்கள். எதிரில் இருப்பவன் உண்மையான பிள்ளையாகவே இருந்தால் துடித்துப் போவான். தங்கை, பூனை, பலகாரம் என்று தீங்கில்லாத பொய்யாக இருக்கட்டும்.

கேள்வி கேட்டால் அவன் எல்லாச் சமயத்திலும் தப்பான பதில் சொல்லுவான் என்று எண்ண வேண்டாம். கெட்டிக்காரத் திருடன் பதிலே சொல்ல மாட்டான். "இப்போது நேரம் இல்லை", "என்னையே சந்தேகப்படுகிறீர்களா?", "முதலில் பணத்தை அனுப்புங்கள், பிறகு பேசலாம்" என்பான். கோபித்துக்கொள்வதும் அழுவதும் அவசரப்படுத்துவதும் பதில் ஆகாது. கேள்விக்குப் பதில் வரும்வரை ஒரு காசும் நகரக் கூடாது.

நான்காவது கேள்வி பணத்தைப் பற்றியது. "கணக்கு யார் பெயரில் இருக்கிறது?" என்று கேளுங்கள். பிறகு இப்படி எழுதுங்கள்: "போன தீபாவளிக்கு உனக்குப் பணம் அனுப்பினேனே, அதே கணக்குக்கு அனுப்புகிறேன்." உண்மையான பிள்ளைக்கு இதில் ஒரு கஷ்டமும் இல்லை. திருடனோ, அந்தக் கணக்கு முடங்கிவிட்டது, கார்டு தொலைந்துவிட்டது, நண்பர் கணக்குக்கே அனுப்புங்கள் என்று ஓடுவான். அவன் தரும் கணக்கு பெரும்பாலும் வாடகைக்கு வாங்கிய கணக்கு. நம் நாட்டில் இதைக் "கெல்டாய் அக்காவுன்", அதாவது கழுதைக் கணக்கு என்கிறார்கள். சுமை தூக்கும் கழுதையைப் போல ஒருவன் பெயரில் பணம் வந்து, உடனே வேறு கணக்குகளுக்குப் போய்விடும். சில நூறு வெள்ளிக்கு ஆசைப்பட்டுத் தன் பேங்கு கார்டையும் ரகசிய நம்பரையும் இன்னொருவனுக்குக் கொடுப்பவன்தான் அந்தக் கழுதை. இதைத் தண்டிப்பதற்கென்றே 2024ஆம் ஆண்டில் நம் நாட்டுத் தண்டனைச் சட்டத்தில் தனிப் பிரிவுகள் சேர்க்கப்பட்டன. நம் இளைஞர்கள் எவரும் அந்த வேலைக்கு இணங்க வேண்டாம்.

கணக்கு நம்பரையும் போன் நம்பரையும் சோதிக்கப் போலீஸ் துறை ஓர் இடம் வைத்திருக்கிறது. அதன் பெயர் செமாக் மியூல், முகவரி semakmule.rmp.gov.my என்பது. நம்பரை எழுதிப் பார்த்தால், அதைப் பற்றி முன்பே புகார் உண்டா என்று காட்டும். கிராணிமார்கள் இதில் மற்றவர்களுக்கு உதவலாம். ஆனால் ஒன்றை மறக்கக் கூடாது. புகார் இல்லை என்று காட்டினால், இதுவரை எவரும் புகார் செய்யவில்லை என்பதே பொருள். அது நல்ல கணக்கு என்பதற்குச் சான்று ஆகாது.

இப்போது அதே உரையாடலை மறுபடி நடத்திப் பார்ப்போம்.

"இது என் புது நம்பர், பழையதை அழித்துவிடுங்கள்" என்று வருகிறது. அம்மாள், "யார் பேசுவது?" என்கிறார். "என் படத்தைப் பார்த்தும் தெரியவில்லையா?" என்கிறான். "கண்ணு சரியாகத் தெரியல. நீ யார், என்னை எப்படிக் கூப்பிடுவே, சொல்லு" என்கிறார். அவன் பேஸ்புக்கில் பொறுக்கிய பெயரைச் சொல்லி, "உங்கள் மருமகன், அத்தை" என்கிறான். அம்மாள் மசியவில்லை. "சரி, தங்கச்சி பரீட்சை எப்படி?" என்கிறார். "நன்றாக எழுதினாள்" என்று வருகிறது. இல்லாத தங்கை பரீட்சை எழுதிவிட்டாள்! அம்மாள் போனைக் கீழே வைத்துவிட்டு, பழைய நம்பருக்குக் கூப்பிடுகிறார். மருமகன் எடுக்கிறான். ஒரு காசு நஷ்டம் இல்லை.

பழைய நம்பருக்குக் கூப்பிடுவதுதான் எல்லாக் கேள்விக்கும் கடைசி முத்திரை. அதிலும் ஒரு நுட்பம் இருக்கிறது. சில சமயம் திருடன் புது நம்பரில் வருவதில்லை, நம் சொந்தக்காரனின் வாட்ஸ்அப்பையே பறித்துக்கொள்கிறான். வாட்ஸ்அப் அனுப்பும் ஆறு இலக்க நம்பரை, "தவறி உங்களுக்கு வந்துவிட்டது, எனக்கு அனுப்புங்கள்" என்று ஏமாற்றி வாங்கி, அந்தக் கணக்குக்குள் நுழைந்துவிடுகிறான். அப்போது படமும் உண்மை, நம்பரும் உண்மை, ஆள் மட்டும் பொய். அந்த நேரத்தில் வாட்ஸ்அப் வழியாகவே கூப்பிட்டால் திருடனிடம்தான் மணி அடிக்கும். ஆகையால் வாட்ஸ்அப்பை விட்டுவிட்டு, சாதாரண டெலிபோன் அழைப்பாக அதே நம்பருக்குக் கூப்பிட வேண்டும். அது உண்மையான ஆளின் சிம் கார்டுக்குப் போகும். எடுக்கவில்லை என்றால் அவன் அப்பாவையோ மனைவியையோ கூப்பிடுங்கள். யாரிடமும் சொல்லாதே என்று அவன் எழுதியிருந்தால், அதுவே சொல்லவேண்டியதற்கு முதல் காரணம்.

கேள்விகளுக்கும் ஓர் எல்லை உண்டு என்பதையும் சொல்லிவிடுகிறேன். பறிக்கப்பட்ட கணக்கில் சில வேளை பழைய செய்திகளும் திருடன் கண்ணில் படக்கூடும். அதனால் வாட்ஸ்அப்பில் எழுதிப் பேசிய விஷயத்தைக் கேள்வியாகக் கேட்காதீர்கள், நேரில் நடந்ததையே கேளுங்கள். குரலைக் கேட்டுவிட்டோம் என்றும் நிம்மதி அடைய வேண்டாம். ஒருவருடைய குரல் பதிவை வைத்து அதே குரலைப் போலியாகச் செய்யும் வித்தை இன்று வந்துவிட்டது. குரல் சரியாக இருந்தாலும் கேள்வியைக் கேட்டே தீர வேண்டும். குடும்பத்தை நன்கு அறிந்த ஒருவனே திருடனாக வந்தால், வீட்டுச் சங்கதிகளும் அவனுக்குத் தெரிந்திருக்கும். அங்கே நம்மைக் காப்பது நேரடி அழைப்பு ஒன்றுதான். உண்மையான பிள்ளையும் சில பழைய சங்கதிகளை மறந்திருப்பான். ஒரு கேள்விக்குத் தெரியவில்லை என்றால் அவனைத் திருடன் என்று முடிவு கட்டாமல் இன்னொன்றைக் கேளுங்கள்.

இதற்கெல்லாம் சுலபமாக, ஒவ்வொரு குடும்பமும் ஒரு கேள்வியையும் அதன் பதிலையும் முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ளலாம். பிள்ளைகள் வீட்டுக்கு வரும்போது நேரில் பேசி முடிவு செய்யுங்கள். போனில் எழுதி வைக்காதீர்கள். பதில் கேள்விக்குச் சம்பந்தம் இல்லாததாக இருப்பது நல்லது. "மழை பெய்கிறதா?" என்றால் "முருங்கைக்காய்" என்று பதில் வரட்டும். ஊகித்துச் சொல்ல எவனாலும் முடியாது.

நம் படத்தை எளிதில் எடுக்க முடியாதபடி செய்ய, வாட்ஸ்அப்பில் Settings, பிறகு Privacy, பிறகு படத்துக்கான இடத்துக்குச் சென்று My contacts என்பதைத் தேர்ந்துகொள்ளலாம். நாம் பதிந்து வைத்திருக்கும் நம்பர்களுக்கு மட்டுமே பிறகு படம் தெரியும். ஆனால் பேஸ்புக்கில் ஏற்கெனவே கிடக்கும் படத்தை இது தடுக்காது.

பணம் போய்விட்டது என்றால் வெட்கப்பட்டு மறைக்காதீர்கள், மறுநாள் வெட்டு முடியட்டும் என்றும் காத்திருக்காதீர்கள். பணம் ஒரு கணக்கிலிருந்து இன்னொரு கணக்குக்கு ஓடிக்கொண்டே இருக்கும். அது வெளியே எடுக்கப்படுவதற்கு முன்னால் மறித்தால்தான் உண்டு. உடனே 997 என்ற நம்பருக்குக் கூப்பிடுங்கள். அது 2022ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட தேசிய மோசடித் தடுப்பு மையத்தின் நம்பர். உங்கள் பேங்குக்கும் கூப்பிட்டுச் சொல்லுங்கள். பிறகு போலீஸ் நிலையத்தில் புகார் எழுதுங்கள். திருடனோடு பேசிய செய்திகளை ஆத்திரத்தில் அழித்துவிடாதீர்கள். போன் நம்பர், கணக்கு நம்பர், அனுப்பிய நேரம், தொகை எல்லாம் அதில்தான் இருக்கின்றன. கிராணிமார்கள் புகார் எழுதிக் கொடுக்கவும், தமிழ் மட்டுமே தெரிந்த தாய்மார்களுக்காக 997இல் பேசவும் முன்வர வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இன்று வீட்டுக்குப் போனதும் உங்கள் போனைத் திறந்து பாருங்கள். சமீபத்தில் யாராவது "புது நம்பர்" என்று சொல்லி, நீங்கள் பதிந்து வைத்தது இருக்கிறதா? இருந்தால், அந்த உறவினரின் பழைய நம்பருக்கு இன்றிரவே ஒரு தடவை கூப்பிடுங்கள். பழைய நம்பரை அழித்துவிட்டிருந்தால் குடும்பத்தில் இன்னொருவரிடம் கேட்டு வாங்கிக் கூப்பிடுங்கள். அது முடியும்வரை அந்தப் புது நம்பருக்கு ஒரு வெள்ளியும் அனுப்பாதீர்கள்.